விற்காத பங்கை விற்றதாக வரும் செய்தி

2025-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில் ஜப்பானில் ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் தங்கள் பங்குக் கணக்கைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். வருடக்கணக்கில் சேர்த்து வைத்த நல்ல பங்குகள் விற்கப்பட்டிருந்தன. அந்தப் பணத்தில் அவர்கள் பெயரே கேள்விப்பட்டிராத சிறிய நிறுவனங்களின் பங்குகள் வாங்கப்பட்டிருந்தன. அந்நாட்டு நிதிச் சேவைகள் முகமை வெளியிட்ட கணக்கின்படி, மே மாத இறுதிக்குள் இப்படி நடந்த கள்ள வர்த்தகங்கள் ஏறக்குறைய ஆறாயிரம். விற்றதும் வாங்கியதுமாகக் கைமாறிய மதிப்பு 50,000 கோடி யென்னைத் தாண்டியது. இந்தத் தொகை வர்த்தகத்தின் அளவுதான், இழப்பின் அளவல்ல. ஆனாலும் ஒரு நாட்டின் பெரிய தரகு நிறுவனங்கள் அனைத்தையும் நடுங்க வைக்க அது போதுமானதாக இருந்தது.

திருடர்கள் உள்ளே நுழைந்த வழிகளில் முதன்மையானது, தரகு நிறுவனம் அனுப்பியது போலவே வந்த மின்னஞ்சல். உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை தெரிகிறது, உடனே உள்ளே சென்று உறுதி செய்யுங்கள் என்கிற தொனியில் அமைந்தவை. பாதுகாப்புக்காக வந்த செய்தி என்று நம்பி அதைத் தொட்டவர்கள், பாதுகாப்புக்கான சாவியைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாமல், ஏன் முன்பின் தெரியாத பங்குகளை வாங்கினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் நம் ஊர்க் கணக்கையும் எப்படிக் காப்பது என்பது புரியும். பங்குக் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும் கதவு குறுகலானது. அது பதிவு செய்யப்பட்ட சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகும். அந்த வங்கிக் கணக்கை மாற்றப் போனால் மேலும் சோதனைகள் வரும். ஆனால் பங்கை விற்கவும் வாங்கவும் உள்ள கதவு அகலமானது. திருடன் முதலில் அதிகம் கைமாறாத ஒரு பங்கைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறான். பிறகு பறித்த கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் அதே பங்கை வாங்கச் சொல்லி விலையை ஏற்றுகிறான். ஏறிய விலையில் தன் பங்கை விற்றுவிட்டுப் போய்விடுகிறான். பணம் சந்தை வழியாகவே அவனிடம் வந்து சேருகிறது.

வித்தை பழையது. 2006-இல் அமெரிக்க ஆன்லைன் தரகர்களின் வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் நுழைந்து இதே வேலையைச் செய்ததாகச் சென்னையைச் சேர்ந்த மூவர் மீது, 2007 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடுத்தது. அன்று சில டஜன் கணக்குகள் என்ற அளவில் நடந்தது, ஜப்பானில் ஆயிரக்கணக்கில் நடந்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு இன்னும் வேகமான வடிவம் ஒன்று உண்டு. அதுதான் ஆப்ஷன். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யாரும் தொடாத, சந்தை விலைக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு பங்கு ஆப்ஷன் இரண்டு ரூபாயில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட் 1,000 என்றும் கொள்வோம். திருடன் தன் பிடியில் உள்ள கணக்கிலிருந்து ஐந்து லாட்டை 12 ரூபாய்க்கு விற்பதாக ஆர்டர் போடுகிறான். பறித்த கணக்கிலிருந்து அதை அப்படியே வாங்குகிறான். 60,000 ரூபாய் போயிற்று. அடுத்த நிமிடமே பறித்த கணக்கிலிருந்து அதே ஐந்து லாட்டை 2 ரூபாய்க்கு விற்று, தன் கணக்கில் வாங்கிக்கொள்கிறான். 10,000 ரூபாய் திரும்பி வருகிறது. கட்டணமும் வரியும் நீங்கலாக 50,000 ரூபாய் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இடம் மாறிவிட்டது. வங்கி வழியாக ஒரு பைசாகூடப் போகவில்லை. இதையே பத்துமுறை செய்தால் ஐந்து லட்சம். ஒரு ஆர்டர் எந்த விலைக்குள் நிறைவேறலாம் என்பதற்குச் சந்தையில் எல்லைகள் உண்டு, கண்காணிப்பும் உண்டு. அதனால் திருடன் சிறு சிறு படிகளாகச் செய்ய வேண்டியிருக்கும், பிடிபடவும் கூடும். ஆனால் பறிகொடுத்தவருக்கு அது பிறகு வரும் ஆறுதல்தான்.

ஆகவே, என் கணக்கிலிருந்து பணம் என் வங்கிக்குத்தான் போகும், யார் என்ன செய்துவிட முடியும் என்று நிம்மதியாக இருப்பதில் பொருள் இல்லை.

இனி நமக்கு வரும் உண்மையான செய்திகளைப் பார்க்கலாம். போலியைக் கண்டுபிடிக்கிற கண், உண்மையை அடிக்கடி பார்த்த கண்ணாகத்தான் இருக்க முடியும். செபியின் 2011-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பிறகு, என்எஸ்இ-யும் பிஎஸ்இ-யும் முதலீட்டாளர்களுக்கு நேரடியாக எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்புகின்றன. தரகரை நம்பி மட்டும் இருக்காமல், சந்தையே வாடிக்கையாளரிடம் ‘இன்று உங்கள் பெயரில் இவ்வளவு நடந்தது’ என்று சொல்வதற்கான ஏற்பாடு இது. வந்த செய்தியைக் கூர்ந்து பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். தொடக்கத்தில் உங்கள் பான் எண், நடு எழுத்துகள் மறைக்கப்பட்டு இருக்கும். பிறகு தேதி. எந்தப் பிரிவில் வர்த்தகம் நடந்தது என்பதற்கான சுருக்கம், ரொக்கப் பிரிவு என்றால் CM. பிறகு வர்த்தக மதிப்பு ரூபாயில். விவரத்துக்குப் பதிவு செய்த மின்னஞ்சலைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் தரகரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று முடியும். அன்றைய சந்தை முடிந்த பிறகுதான் அது வரும். இதைத் தவிர, உங்கள் பணமும் பங்கும் தரகரிடம் எவ்வளவு இருப்பதாக அவர் தெரிவித்திருக்கிறார் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். பங்கு கணக்கை விட்டு வெளியேறும்போது சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல், அதாவது பங்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அந்த நிறுவனமே, தனியாகச் சொல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அவை நடந்ததைச் சொல்கின்றன, உங்களை உடனடியாக எதையும் செய்யச் சொல்வதில்லை. கடவுச்சொல் கேட்பதில்லை, பணம் கேட்பதில்லை, பத்து நிமிடக் கெடு வைப்பதில்லை. போலிச் செய்தி எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், அதில் ஓர் ஏவல் இருந்தே தீரும். ஏவல் இல்லாவிட்டால் அதை அனுப்பியவனுக்கு வேலையே இல்லை.

போலிகளில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது, நீங்கள் செய்யாத வர்த்தகத்தைச் செய்ததாகச் சொல்லும் செய்தி. ‘உங்கள் கணக்கில் ரூ.3,12,400-க்கு விற்பனை நிறைவேறியது. நீங்கள் செய்யவில்லையெனில் ரத்து செய்ய இங்கே தொடவும்.’ பேராசைக்கு மயங்காதவர்கூட இதற்கு மயங்குவார், ஏனெனில் இது அவருடைய எச்சரிக்கை உணர்வையே தூண்டிலாக்குகிறது. ஆனால் சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியிலேயே பொய் பிடிபடும். சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் பொருந்தி, ஆர்டர் நிறைவேறிவிட்டால் அது முடிந்த வர்த்தகம். எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். நிறைவேறாத ஆர்டரை ரத்து செய்யலாம், நிறைவேறிய வர்த்தகத்தை வாடிக்கையாளர் ஒரு பொத்தானை அழுத்தி ரத்து செய்ய முடியாது. மிகப்பெரிய பிழை நேர்ந்தால் தரகர் சந்தையிடம் முறைப்படி விண்ணப்பித்து ரத்து கோரும் வழி ஒன்று உண்டு, அதுவும் அரிதானது. எஸ்எம்எஸ் லிங்க்கில் அந்த வசதி இல்லை, இருக்கவும் முடியாது.

இரண்டாவது வகை, சந்தையின் பெயரிலோ செபியின் பெயரிலோ வரும் மிரட்டல். உங்கள் கணக்கு கண்காணிப்பில் உள்ளது, சந்தேகத்துக்கிடமான வர்த்தகத்துக்காக முடக்கப்படுகிறது, அபராதத்தை இன்றே கட்டினால் விடுவிக்கப்படும் என்று முத்திரை, கையெழுத்து, கோப்பு எண் எல்லாம் போட்டு ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். தன் அதிகாரிகள் போல நடித்தும், தன் பெயரில் போலிக் கடிதம் தயாரித்தும் மோசடி நடப்பதாகச் செபியே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. செபியின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் வெளியாகின்றன. அதன் மின்னஞ்சல்கள் @sebi.gov.in என்று முடிகின்றன. என்எஸ்இ-யின் தலைமை நிர்வாகியும் பிஎஸ்இ-யின் தலைமை நிர்வாகியும் பங்குப் பரிந்துரை செய்வது போன்ற போலிக் காணொளிகள் 2024 ஏப்ரலில் பரவியபோது, இரண்டு சந்தைகளும் அவற்றை மறுத்து அறிக்கை விட்டன. முகமும் குரலும்கூட இனி சான்றல்ல.

மூன்றாவது, கேஒய்சி, நாமினி, பான்-ஆதார் இணைப்பு போன்ற உண்மையான கெடுக்களை ஒட்டி வருவது. இது ஆபத்தானது, ஏனெனில் இங்கே உண்மையான நிறுவனங்களே நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. கேஒய்சி பதிவு நிறுவனங்கள் மின்னஞ்சலைச் சரிபார்க்க லிங்க் அனுப்புகின்றன. தரகர்கள் விளம்பரத்தோடு லிங்க் அனுப்புகிறார்கள். அதனால் ‘லிங்க் இருந்தால் போலி’ என்ற எளிய விதி உதவாது. அப்படி ஒரு விதியை மனப்பாடம் செய்துகொண்டவர், உண்மையான லிங்க் ஒன்றைச் சந்தித்ததும் விதியையே கைவிட்டுவிடுகிறார். அதைவிட உறுதியான வழக்கம், செய்தி உண்மையோ பொய்யோ என்ற ஆராய்ச்சியில் இறங்காமலே இருப்பது. செய்தியை மூடுங்கள். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் தரகரின் ஆப்பை நீங்களே திறந்து, ஆர்டர் புத்தகத்தையும் கையிருப்பையும் பாருங்கள். வர்த்தகம் நடந்திருந்தால் அங்கே இருக்கும். கேஒய்சி பாக்கி என்றால் அங்கேயும் சொல்லும். செய்தி உண்மையாக இருந்தால் இதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பொய்யாக இருந்தால் அது அங்கேயே செத்துவிடும்.

தரகரின் ஆப்பிலேயே சந்தேகம் வந்தால், அவரைச் சாராத இன்னொரு சாட்சியும் உண்டு. சிடிஎஸ்எல்லின் ஈஸி, என்எஸ்டிஎல்லின் ஐடியாஸ் ஆகிய சேவைகளில் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், எந்தத் தரகர் வழியாகவும் போகாமல் உங்கள் டீமேட் கையிருப்பைப் பார்க்கலாம். அதற்கான முகவரியைக் கூகுளில் தேடாமல், ஒருமுறை சரியாகத் தட்டெழுதி புக்மார்க் செய்து வையுங்கள். தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வருவது எந்தத் தளம் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

இருந்தாலும் இணைய முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. இரண்டு முகவரிகள் கீழே உள்ளன. முதலாவது உண்மையானது. இரண்டாவது நான் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது.

```
https://www.nseindia.com/
https://www.nseindia.com.trade-verify.example/login
```

நம் கண் இடமிருந்து வலமாகப் படிக்கிறது, nseindia.com என்று பார்த்ததும் நின்றுவிடுகிறது. மோசடிக்காரன் நம்பியிருப்பது அதைத்தான். இணையம் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. `https://` என்பதை அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டுக்கு உடனே இடப்பக்கம் இருப்பதுதான் உரிமையாளரின் பெயர். முதல் முகவரியில் அது nseindia.com. இரண்டாவதில் trade-verify.example. அதற்கு முன்னால் எத்தனை நல்ல பெயர்களை வேண்டுமானாலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். co.in, gov.in போன்று முடியும் முகவரிகளில் அதற்கு முந்தைய சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. போன் திரையில் நீண்ட முகவரி வெட்டுப்பட்டு, முதல் பகுதி மட்டும் தெரியக்கூடும் என்பதால் இந்தப் படிப்பை முழுமையாக நம்ப வேண்டாம். கடவுச்சொல் மேலாளர் ஒன்றைப் பயன்படுத்தினால் இந்த வேலையை அது செய்யும். சேமித்த தளத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் பொருந்தினால்தான் அது கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் தட்டெழுதப் போகாமல் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அனுப்புநர் பெயரைப் பார்த்து முடிவு செய்யலாமா? ஓரளவுக்குத்தான். இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ், பதிவு செய்த பெயரிலிருந்துதான் வர வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் முடிவில் விளம்பரத்துக்கு P, சேவைக்கு S, பரிவர்த்தனைக்கு T, அரசுக்கு G என்ற எழுத்தும் சேர்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. ஆகவே பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து ‘என்எஸ்இ எச்சரிக்கை’ வந்தால் அது போலி என்று தயங்காமல் முடிவு கட்டலாம். ஆனால் சரியான பெயரிலிருந்து வந்துவிட்டால் உண்மை என்று திருப்பிச் சொல்ல முடியாது. இந்த விதிகள் எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டுமே. வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் மின்னஞ்சலுக்கும் அவை பொருந்தாது, மோசடியும் பெருமளவு அங்கே குடிபெயர்ந்துவிட்டது.

இப்போது இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். ‘லிங்க்கைத் தொட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஓடிபி இல்லாமல் உள்ளே வர முடியாதே’ என்று பலரும் நம்புகிறார்கள். 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து பங்கு வர்த்தகக் கணக்கில் நுழைய இரண்டாவது அடையாளம் கட்டாயம் என்பது உண்மைதான். அதை மோசடி எப்படிக் கடக்கிறது என்பதை நொடி நொடியாகப் பார்ப்போம்.

ஒரு வேலை நாள், காலை 10.20. ஒருவருக்கு மேலே சொன்ன ‘விற்பனை நிறைவேறியது’ செய்தி வருகிறது. பதற்றத்தில் லிங்க்கைத் தொடுகிறார். தரகரின் பக்கம் போலவே ஒன்று திறக்கிறது. பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் இடுகிறார். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரல், அதே நொடியில் அவற்றைத் தரகரின் உண்மையான தளத்தில் இடுகிறது. உண்மையான தளம் சந்தேகப்படக் காரணமில்லை, கடவுச்சொல் சரியாகத்தானே இருக்கிறது. அது வழக்கம்போல ஓடிபி அனுப்புகிறது. அந்த ஓடிபி இவருடைய போனுக்கு வழக்கமான பெயரிலிருந்து, வழக்கமான வாசகத்தோடு வருகிறது. இவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஐயமும் அதைப் பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது. அதையும் போலிப் பக்கத்தில் இடுகிறார். நிரல் அதை உண்மைத் தளத்துக்குக் கடத்துகிறது. கதவு திறந்துவிட்டது, உள்ளே போனது திருடன். இவருடைய திரையில், ‘உங்கள் புகார் ஏற்கப்பட்டது, பாதுகாப்புக்காக 24 மணி நேரம் கணக்கில் நுழைய வேண்டாம்’ என்ற வரி மட்டும் தெரிகிறது. அந்த 24 மணி நேரம் யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடிபிக்குப் பதிலாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆத்தென்டிகேட்டர் எண்ணை வைத்திருந்தாலும் இதே கதைதான். கடத்துவதற்கு 30 நொடி தாராளம்.

இந்தக் கதையில் நேரம் முக்கியமானது. கள்ள வர்த்தகம் செய்யச் சந்தை திறந்திருக்க வேண்டும், அதாவது காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. நம் தரகர் தளங்களில் ஒருமுறை நுழைந்தது பெரும்பாலும் அந்த நாளோடு காலாவதியாகிவிடும், மறுநாள் மீண்டும் ஓடிபி வேண்டும். எனவே ஆப்ஷன் வழியாகப் பணம் கடத்த நினைப்பவன், சந்தை நேரத்திலேயே உங்களைச் சிக்க வைக்கப் பார்ப்பான். சந்தையின் உண்மையான அறிவிப்போ கடை மூடிய பிறகுதான் வரும். காலை பத்தரை மணிக்குச் ‘சந்தை எச்சரிக்கை’ வந்து உடனே செயல்படச் சொன்னால், நேரமே அதற்கு எதிரான சாட்சி. இரவில் வரும் போலிகளும் உண்டு. அவை பெரும்பாலும் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ மாற்றிக்கொள்வது போன்ற, நேரம் பார்க்காத வேலைகளுக்காக இருக்கும்.

ஜப்பானியத் தரகர்கள் முதலில் இரண்டாவது அடையாளத்தைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு, கடத்தக்கூடிய எண்கள் போதாது என்ற முடிவுக்கு அங்குள்ள தரகர் சங்கம் வந்தது. பாஸ்கீ போன்ற முறைகளைக் கேட்கும்படி தன் வழிகாட்டுதலை 2025-இல் திருத்தியது. பாஸ்கீ என்பது உங்கள் போனிலேயே இருக்கும் ஒரு மின்னணுச் சாவி, அது உருவான தளத்தின் பெயரோடு பிணைந்திருக்கும். போலித் தளத்தில் நின்றுகொண்டு நீங்களே விரும்பினாலும் அதைக் கொடுக்க முடியாது, ஏனெனில் பெயர் பொருந்தாத இடத்தில் போன் அதை நீட்டவே நீட்டாது. உங்கள் தரகர் அந்த வசதியைத் தந்தால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள். தராவிட்டால், ஆப்பில் கைரேகை வழியாக நுழைவதை வழக்கமாக்கிக்கொண்டு, பிரவுசரில் கடவுச்சொல் தட்டெழுதும் தருணங்களையே குறைத்துக்கொள்ளுங்கள். தட்டெழுதப் பழகாத கை, தட்டெழுதச் சொன்னால் தயங்கும்.

ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் வாசகத்தையும் படிக்க வேண்டும். உள்ளே நுழைய ஓர் எண், பங்கை விற்க அனுமதிக்க ஓர் எண், பங்கை மார்ஜினுக்கு அடகு வைக்க ஓர் எண், கைபேசி எண்ணை மாற்ற ஓர் எண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எதற்காக என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். வர்த்தகத்தை ரத்து செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, விற்பனையை அனுமதிக்கும் எண் வந்திருந்தால், அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் ‘டிரேட் ரிப்போர்ட்’ என்று .apk என முடியும் கோப்பு வந்தால் திறக்கவே கூடாது. அது அறிக்கை அல்ல, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு உங்கள் ஓடிபிகளை வெளியே அனுப்பும் ஆப்.

கதவைப் பூட்டுவது ஒரு பக்கம். திருடன் உள்ளே வந்துவிட்டாலும் அள்ள முடியாதபடி வீட்டை அமைப்பது இன்னொரு பக்கம். இது பற்றி நம்மிடையே பேச்சு குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிடிஎஸ்எல் கணக்கில் பங்கை விற்க 2020 முதல் டிபின் என்ற ஆறு இலக்க எண்ணும் ஓடிபியும் தேவை. இந்த அனுமதி தரகரிடமிருந்து அல்ல, டெபாசிட்டரியிடமிருந்து வருகிறது. அடிக்கடி விற்பவர்களுக்கு இது தொந்தரவு என்பதால், முன்பு பவர் ஆஃப் அட்டர்னியும் 2022 முதல் டிடிபிஐ என்ற ஆவணமும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உள்ளது. அதைக் கொடுத்துவிட்டால் விற்கும்போது டிபின் கேட்காது. வசதிதான். ஆனால் உங்கள் கடவுச்சொல்லும் ஓடிபியும் பறிபோன அன்று, உங்கள் பங்குகளுக்கும் திருடனுக்கும் நடுவே வேறு பூட்டு இருக்காது. தினமும் வர்த்தகம் செய்பவருக்கு டிடிபிஐ தேவைப்படலாம். வருடத்துக்கு இரண்டு முறை விற்பவருக்கு எதற்கு? அப்படிப்பட்டவர் அதைக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. கணக்கு தொடங்கும்போது எங்கே டிக் போட்டோம் என்று பலருக்கும் நினைவிருக்காது. ஆப்பின் சுயவிவரப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஆனால் டிபின் எல்லாவற்றையும் தடுக்காது. வாங்குவதற்கும், அன்றே வாங்கி விற்பதற்கும், ஆப்ஷனுக்கும் அது தேவையில்லை. நான் முன்பு போட்ட ஐந்து லாட் கணக்கு டிபினைத் தொடாமலே நடக்கும். அதற்குத் தேவை இரண்டுதான், ஆப்ஷன் பிரிவு திறந்திருக்க வேண்டும், கணக்கில் பணமோ மார்ஜினோ இருக்க வேண்டும். ஆப்ஷனில் இறங்காதவர் அந்தப் பிரிவை மூடச் சொல்லித் தரகரிடம் கேட்கலாம். பயன்படாத பணத்தை அன்றன்றே வங்கிக்குத் திருப்பிவிடலாம். ஆப்ஷனிலும் இறங்கி, நீண்டகாலப் பங்குகளும் வைத்திருப்பவர், அந்தப் பங்குகளை வேறொரு தரகரிடம், ஆப்ஷன் பிரிவே இல்லாத, டிடிபிஐ கொடுக்காத தனிக் கணக்கில் வைப்பது நல்லது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஒன்று கூடுதலாகும். பறிபோவது ஓய்வுக்காலச் சேமிப்பு என்று நினைத்தால் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

நம் ஊரில் மட்டும் அடிக்கடி காணும் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அப்பா, அம்மா பெயரில் கணக்கு இருக்கும், பதிவு செய்த எண்ணோ மகனுடையதாக இருக்கும். அதைவிட மோசம், கணக்கு தொடங்கிக் கொடுத்த சப்-புரோக்கர் அலுவலகத்தின் எண்ணும் மின்னஞ்சலும் அங்கே இருப்பது. சந்தை தவறாமல் தினமும் செய்தி அனுப்பும், அது போய்ச் சேர வேண்டியவருக்குச் சேராது. இதனால்தான் செய்தி வராமல் போவதையும் ஓர் எச்சரிக்கையாக எண்ண வேண்டும் என்கிறேன். நீங்கள் வர்த்தகம் செய்த நாளில் மாலைச் செய்தி வரவில்லையென்றால், எண் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது சிம் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். போனில் திடீரென்று சிக்னல் போய், மணிக்கணக்கில் திரும்பவில்லையென்றால், அன்று வேறு வேலையை விட்டுவிட்டுத் தொலைபேசி நிறுவனத்தைக் கேளுங்கள். டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறக்காமலே விடுகிறோம். அதில் கையிருப்போடு பதிவான தொடர்பு விவரத்தையும் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இத்தனைக்குப் பிறகும் சிக்கிக்கொண்டால் முதல் மணி நேரத்தில் என்ன செய்வது? கடவுச்சொல்லை மாற்றுவது முதல் வேலையாகத் தோன்றும். அதைவிட உறுதியான கருவி இப்போது இருக்கிறது. 2024 ஜனவரியில் செபி சொன்னபடி, வாடிக்கையாளர் தாமே தம் வர்த்தகக் கணக்கின் இணைய வழி நுழைவை முடக்கும் வசதியைத் தரகர்கள் 2024 ஜூலை முதல் தர வேண்டும். இதற்கென்றே stoptrade என்று தொடங்கும் மின்னஞ்சல் முகவரி தரகரின் தளத்தில் இருக்கும். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதினால், சந்தை நேரத்தில் 15 நிமிடத்துக்குள் முடக்க வேண்டும். சந்தை நேரத்துக்குப் பிறகு எழுதினால் அடுத்த சந்தை தொடங்கும் முன் முடக்க வேண்டும். அந்த முகவரியைத் தேட வேண்டிய நேரம் திருட்டு நடக்கும் நேரமல்ல. இன்றே பார்த்து, தரகரின் தொலைபேசி எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். முக்கியமாக, போலிச் செய்தியில் கொடுத்திருக்கும் ‘உதவி எண்ணை’ அழைத்துவிடாதீர்கள்.

அடுத்து, நடந்த கள்ள வர்த்தகங்களின் ஆர்டர் எண், டிரேட் எண், நேரம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து, எழுத்து வழியாகத் தரகரிடம் புகார் கொடுங்கள். அந்த எண்களை வைத்துத்தான் எதிர்ப்பக்கம் யாருடைய கணக்கு இருந்தது என்று சந்தை கண்டுபிடிக்க முடியும். திருடனின் லாபம் அவன் கைக்கு உடனே போவதில்லை. பணம் தீர்வாவது மறுநாள், அதன் பிறகே அதை வங்கிக்கு மாற்ற முடியும். அந்த இடைவெளிக்குள் புகார் போய்ச் சேர்ந்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிப் பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். இழப்பீடு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஜப்பானில் பெரிய தரகர்கள் ஒப்பந்த விதிகளையும் மீறி ஈடு செய்ய 2025 மே மாதத்தில் ஒப்புக்கொண்டார்கள். இங்கே ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள் என்ற பதில்தான் முதலில் வரும். அதை எதிர்கொள்ள, எந்த நிமிடத்தில் யாரிடம் சொன்னீர்கள் என்பதற்கான எழுத்துச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும்.

முடக்கிவிட்டோம் என்று அங்கேயே ஓய்ந்துவிடவும் கூடாது. முடக்கம் இணைய வழி நுழைவைத்தான் நிறுத்துகிறது. திருடன் திறந்துவைத்த ஆப்ஷன், ஃபியூச்சர் பொசிஷன்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், விலை எதிராகப் போனால் இழப்பும் மார்ஜின் கேட்பும் உங்கள் பெயரில்தான் ஏறும். முடக்கிய ஒரு மணி நேரத்துக்குள் நிலுவையில் உள்ள பொசிஷன்களின் பட்டியலையும், அவை காலாவதியாகும் நாளையும் தரகர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அது வரவில்லையென்றால் தொலைபேசியில் கேட்டு வாங்கி, அவற்றை டீலர் மூலம் முடிக்கச் சொல்லுங்கள்.